சக்கரம் உருளும் முன்: டயர் காற்று, பட்டன் ஆழம், புறப்படும் முன் சோதனைகள் – வரிசைப்படி முழுமையான வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எல்.எல்.ஆர். எழுதப் போகிறவர்களில் பலர் சாலைக் குறிகளை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். வண்டியைப் பற்றிச் சில கேள்விகள் வந்தால் தடுமாறுகிறார்கள். டயர் காற்றை எப்போது பார்க்க வேண்டும், எவ்வளவு தேய்ந்தால் டயரை மாற்ற வேண்டும், இருக்கையில் உட்கார்ந்ததும் முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பவை அந்தக் கேள்விகள். விடையை மட்டும் படித்தவர் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால் தவறவிடுவார். ஒரு தடவை கையால் செய்து பார்த்தவருக்கு அந்தச் சிக்கல் வராது.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 31-வது விதி, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் என்ன சொல்லித்தர வேண்டும் என்று பட்டியலிடுகிறது. அதில் புறப்படும் முன் செய்யும் சோதனைகள் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன: ஓட்டுநர் இருக்கையில் அமரும் முன், அமர்ந்த பின். கீழே உள்ளதும் அதே வரிசைதான். டயருக்கு மட்டும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் அதிகம் தவறுவது அங்கேதான்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

காற்றழுத்தம் பார்க்கும் ஒரு சிறிய கேஜ், டயரின் மேல் பட்டன் எனப்படும் ரப்பர் கட்டைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தின் ஆழம் பார்க்கும் ஒரு கேஜ், ஒரு பழைய துணி, கொஞ்சம் சோப்புத் தண்ணீர், ஒரு துண்டுக் காகிதம், பேனா. இரண்டு கேஜுமே உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. பங்க்கிலும் பஞ்சர் கடையிலும் மீட்டர் இருக்கும்போது சொந்தமாக எதற்கு என்று கேட்பார்கள். கடை மீட்டர் எல்லாமே ஒரே எண்ணைக் காட்டுவதில்லை. ஒன்றுக்கொன்று 2 பி.எஸ்.ஐ. வரை வித்தியாசம் வருவது சாதாரணம். எப்போதும் ஒரே கேஜால் பார்த்தால்தான் போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் என்ன மாறியது என்பது தெரியும். அதைவிட முக்கியமான காரணம் 3-வது பகுதியில் வருகிறது.

அடுத்து, உங்கள் வண்டிக்கு எத்தனை பி.எஸ்.ஐ. என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவு மூடும் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில வண்டிகளில் பெட்ரோல் டேங்க் மூடியின் உட்புறம் இருக்கும். எங்கும் இல்லையென்றால் வண்டியோடு வந்த கையேட்டில் நிச்சயம் இருக்கும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் தனித்தனி எண் இருக்கலாம். ஆள் குறைவாக இருந்தால் ஒன்று, ஐந்து பேரும் பெட்டியும் ஏறினால் இன்னொன்று என்றும் எழுதியிருக்கலாம். பைக்கில் செயின் கவரிலோ பின் சக்கரத்தைத் தாங்கும் தண்டிலோ ஸ்டிக்கரைத் தேடுங்கள். பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின் டயருக்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும்.

இந்த இடத்தில் நடக்கும் தவறு, டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எண்ணைப் பார்த்துக் காற்றுப் பிடிப்பது. 44 என்றோ 51 என்றோ அங்கே இருப்பது, அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. ஒரே டயர் பல மாதிரிக் கார்களுக்குப் பொருந்தும், ஒவ்வொரு காரின் எடையும் வேறு. அதனால் உங்கள் காருக்கு எவ்வளவு தேவை என்பது டயர் செய்தவருக்குத் தெரியாது, கார் செய்தவருக்குத்தான் தெரியும். தேர்வில் "சரியான காற்றழுத்தத்தை எங்கே பார்ப்பீர்கள்?" என்று கேட்டு, நான்கு விடைகளில் ஒன்றாக டயரின் பக்கவாட்டையும் வைத்திருந்தால் அதைத் தொடாதீர்கள்.

2. காற்றழுத்தம்: விடிந்ததும், வண்டி நகரும் முன்

மற்ற எல்லாச் சோதனைகளுக்கும் முன்னால் இதை வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. டயர் ஓடினால் சூடாகும். சூடானால் உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் ஏறும். ஸ்டிக்கரில் இருக்கும் எண் குளிர்ந்த டயருக்கானது. குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற வண்டி, அல்லது இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓடாத வண்டி என்றால் டயரைக் குளிர்ந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். மற்ற சோதனைகளில் பலவற்றை வண்டியை நகர்த்திய பிறகுகூடச் செய்யலாம், இதைச் செய்ய முடியாது.

வெயிலும் கணக்கில் வரும். ஒரு பக்கச் சக்கரங்கள் காலை வெயிலிலும் மறுபக்கம் நிழலிலும் நின்றால் இரண்டும் வேறு எண் காட்டும். எனவே வெயில் ஏறும் முன் பாருங்கள்.

வால்வு மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுங்கள். கேஜை வால்வின் மேல் நேராக வைத்து ஒரே அழுத்தாக அழுத்துங்கள். "புஸ்" என்ற சத்தம் தொடர்ந்து வந்தால் கேஜ் சாய்ந்திருக்கிறது, வரும் எண் தவறு. எண்ணைக் காகிதத்தில் எழுதிவிட்டு அடுத்த சக்கரத்துக்குப் போங்கள். நான்கும் முடிந்த பிறகு டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னியையும் பாருங்கள். ஸ்டெப்னி தேவைப்படும் இடம் பெரும்பாலும் ஆளில்லாத சாலையோரமாகத்தான் இருக்கும், அங்கே அதிலும் காற்று இல்லையென்றால் அதைச் சுமந்துகொண்டு போனதில் பயனில்லை.

எழுதச் சொல்வதற்கும் காரணம் உண்டு. நான்கு எண்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால்தான் விஷயம் புரியும். காரிமங்கலத்தில் வீட்டு வாசலில் நிற்கும் ஒரு சின்னக் காரை வைத்துப் பார்ப்போம். ஸ்டிக்கர் நான்கு சக்கரத்துக்கும் 33 என்கிறது. காலை ஆறு மணிக்குப் பார்த்தால், முன் இடது 31, முன் வலது 31, பின் வலது 31, பின் இடது 26. மூன்று டயர்களில் ஒரே அளவு குறைந்திருப்பது இயல்பு, ரப்பர் வழியாகவே காற்று மெதுவாகக் கசியும். பின் இடது மட்டும் மற்றவற்றைவிட 5 அதிகமாக இறங்கியிருக்கிறது என்றால் அங்கே ஆணியோ வால்வுக் கசிவோ இருக்கிறது. வால்வின் வாயில் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள். குமிழி வந்தால் வால்வுதான் காரணம். வராவிட்டால் பட்டன் மேலெல்லாம் தடவியபடி காரைச் சிறிது சிறிதாக உருட்டிப் பாருங்கள். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினாலும் காற்று உடனே இறங்காது. அந்த 26-ஐப் பார்த்துவிட்டு 33-க்குப் பிடித்துக்கொண்டு கிளம்புகிறவர், அடுத்த வாரம் நெடுஞ்சாலையில் அதே சக்கரத்தோடு நிற்பார்.

3. பங்க்கில் காற்றுப் பிடிக்கும்போது

வீட்டில் பம்ப் இல்லாதவர்கள் பங்க்குக்குத்தான் போக வேண்டும். போகும் தூரத்தில் டயர் சூடாகிவிடும். இங்கே இரண்டு விதமாகத் தவறு நடக்கிறது.

முதல் தவறு, சூடான டயரிலிருந்து காற்றை இறக்குவது. அதிகாலையில் 22 டிகிரியில் 33 இருந்த டயரை எடுத்துக்கொள்வோம். மத்தியான வெயிலில் கிருஷ்ணகிரி வரை ஓட்டிப் போனால் டயருக்குள் இருக்கும் காற்று சுமார் 45 டிகிரிக்கு ஏறிவிடும் என்று வையுங்கள். மீட்டர் அப்போது கிட்டத்தட்ட 37 காட்டும். "நாலு அதிகமா இருக்கு" என்று 33-க்கு இறக்கிவிட்டால், மறுநாள் காலை அதே டயரில் 29 முதல் 30 வரைதான் இருக்கும். அதாவது சரியாக இருந்த டயரைக் குறைகாற்று டயராக ஆக்கிவிட்டோம். டயர் செய்பவர்கள் இந்தச் சூட்டு ஏற்றத்தைக் கணக்கில் வைத்தே செய்கிறார்கள். சூடான டயரில் காற்றை இறக்கவே கூடாது. தேர்விலும் இதைக் கேட்கலாம்.

இரண்டாவது தவறு, சூடான டயருக்கு மெஷினில் 33 என்று வைத்துப் பிடிப்பது. நம் காரிமங்கலம் காரையே பாருங்கள். காலையில் முன் டயரில் 31, குறை 2. பங்க்குக்குப் போய்ச் சேரும்போது அது 33 காட்டும். மெஷின் "சரியாக இருக்கிறது" என்று நின்றுவிடும், குறை அப்படியே இருக்கும்.

வீட்டில் எழுதிய காகிதம் இதற்குத்தான். நோக்க வேண்டியது மொத்த எண்ணை அல்ல, குறையை. காலையில் 2 குறைவாக இருந்ததென்றால், பங்க்கில் மீட்டர் என்ன காட்டுகிறதோ அதோடு 2 சேர்த்துப் பிடியுங்கள். 33 காட்டினால் 35 வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் காலை உங்கள் கேஜில் பாருங்கள், 33-ஐ ஒட்டி வந்திருக்கும். மெஷினும் உங்கள் கேஜும் ஒத்துப்போகாவிட்டாலும் இந்த முறை கைவிடாது, ஏனென்றால் கூட்டியது வித்தியாசத்தை மட்டும்தான். காற்றுப் பிடிப்பவர் "சார், 33தானே போட்டிருக்கு?" என்று கேட்டால், "டயர் சூடா இருக்குண்ணா, 35 வைங்க" என்றால் போதும், அவருக்கே புரியும்.

வழியில் போகும்போது ஒரு டயர் மட்டும் குறைந்திருப்பது தெரிந்தால், அதே அச்சில் இருக்கும் மறு டயரின் சூடான எண்ணுக்கு அதை ஏற்றிக்கொண்டு போங்கள். மறுநாள் காலை மறுபடி பாருங்கள். நைட்ரஜன் பிடித்தாலும் அழுத்தம் அதே அளவுதான், அவசரத்துக்குச் சாதாரணக் காற்றைச் சேர்ப்பதால் எதுவும் கெடாது.

குறைந்தால் என்ன, கூடினால் என்ன என்பதும் கேள்வியாக வரும். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் அதிகமாக மடங்கி நிமிரும். மடங்க மடங்க உள்ளே சூடு சேரும். மே மாதத்தில் ஐந்து பேரோடு தேசிய நெடுஞ்சாலை 44-ல் வேகமாக ஒரு மணி நேரம் ஓடினால் டயர் வெடிப்பதற்கு இந்தச் சூடே போதும். ஸ்டியரிங் கனக்கும், எரிபொருளும் அதிகம் செலவாகும். காற்று கூடினால் டயரின் நடுப்பகுதி மட்டுமே தரையைத் தொடும். பிடிப்புக் குறையும், பிரேக் போட்டால் நிற்கும் தூரம் நீளும். "காற்று அதிகமாக இருந்தால் டயர் வெடிக்கும், குறைவாக இருந்தால் பாதுகாப்பு" என்று பலர் நம்புகிறார்கள். வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து வைப்பது அதனால்தான். அது தலைகீழான நம்பிக்கை.

4. பட்டன் ஆழம்

டயரின் மேலே தெரியும் கட்டைகளை நம் பக்கம் பட்டன் என்போம். பட்டன்களுக்கு நடுவே இருக்கும் பள்ளங்கள் மழைத் தண்ணீர் வெளியேறும் வாய்க்கால்கள். பள்ளம் ஆழமில்லாவிட்டால் தண்ணீர் போக இடமில்லாமல் டயர் தண்ணீரின் மேல் ஏறி மிதக்கும். அப்போது பிரேக்கும் ஸ்டியரிங்கும் எடுபடாது. காய்ந்த சாலையில் மொட்டை டயரும் நன்றாகப் பிடிப்பதுபோலத் தெரிவதால் இதை உணராமல் இருப்பார்கள்.

மத்திய மோட்டார் வாகன விதி 94-ன்படி கார் போன்ற வண்டிகளுக்குக் குறைந்தபட்சம் 1.6 மில்லிமீட்டர், இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8 மில்லிமீட்டர். இந்த இரண்டு எண்களையும் மாற்றிப் போடுகிறவர்கள் நிறைய. வேலைக்காக வெளிநாடு போய் அங்கே உரிமம் எடுப்பவர்கள் அந்த நாட்டின் எண்ணைப் படித்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் காருக்கு 1.6தான், ஆனால் டயர் அகலத்தில் நடு முக்கால் பங்கில், சுற்றளவு முழுக்க அந்த ஆழம் இருக்க வேண்டும் என்று சேர்த்துச் சொல்கிறார்கள்.

கேஜ் இல்லாமலும் பார்க்கலாம். பெரிய பள்ளங்களின் அடியில், குறுக்கே சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். அவை கார் டயரில் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் வைக்கப்பட்டவை. எங்கே இருக்கின்றன என்பதை டயரின் விளிம்பில் உள்ள சிறிய முக்கோணமோ TWI என்ற எழுத்தோ காட்டும். அந்தக் குறிக்கு நேராக உள்ளே பார்வையைக் கொண்டுபோங்கள். மேடும் பட்டனும் ஒரே மட்டத்தில் இருந்தால் டயர் முடிந்துவிட்டது. மேட்டைப் பள்ளத்தில் சிக்கிய கல் என்று நினைத்துக் குச்சியால் நோண்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கல் என்றால் வரும், மேடு என்றால் வராது.

கேஜ் இருந்தால் ஒவ்வொரு டயரிலும் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடத்தில் பாருங்கள். காரை அரைச் சுற்று நகர்த்தி மறுபடி பாருங்கள். மேட்டின் மேல் கேஜை வைத்துவிடாமல் பள்ளத்தின் அடியில் வையுங்கள். உள்விளிம்பு பார்ப்பது கஷ்டம்தான், முன் சக்கரம் என்றால் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து வைத்தால் தெரியும். நின்றபடி வெளிவிளிம்பை மட்டும் பார்த்து "நல்லா இருக்கு" என்று சொல்வதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு.

மூன்று எண்களும் டயரின் கதையையே சொல்லும். இரண்டு விளிம்பும் தேய்ந்து நடு மேடாக இருந்தால் நெடுநாளாகக் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்தால் காற்று காரணமில்லை, வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பரையோ வீல் பேலன்ஸையோ சந்தேகப்படுங்கள்.

1.6 என்பது சட்டத்தின் கடைசிக் கோடு. 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்ததுமே மழையில் பிடிப்பு குறையத் தொடங்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் 3-ஐ ஒட்டி இருந்தால் நானாக இருந்தால் மாற்றிவிடுவேன். தேர்வில் சட்டப்படி எவ்வளவு என்று கேட்டால் 1.6 என்றே எழுதுங்கள்.

5. டயரின் பக்கவாட்டு

குனிந்திருக்கும்போதே இதையும் முடித்துவிடுங்கள். உள்ளங்கையால் பக்கவாட்டைச் சுற்றித் தடவுங்கள். எங்காவது முட்டைபோல் வீங்கியிருந்தால் உள்ளே இழை அறுந்திருக்கிறது என்று பொருள். வேகத்தடையிலோ குழியிலோ வேகமாக ஏறி இறங்கும்போது இது நடக்கும். ஒட்டுப் போட முடியாது, காற்றைக் குறைத்து ஓட்டவும் கூடாது, டயரை மாற்றத்தான் வேண்டும். இழை தெரியும் வெட்டுக்கும் இதே விடைதான்.

அதிகம் ஓடாமல் வெயிலிலேயே நிற்கும் வண்டிகளில் பட்டன் புதிதுபோல் இருக்கும், பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகள் விட்டிருக்கும். அப்போது DOT என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது.

6. வண்டியைச் சுற்றி ஒரு நடை, பிறகு பானெட்

டயருக்காக நான்கு மூலைக்கும் போகிறீர்கள், அந்த நடையிலேயே தரையையும் பாருங்கள். எண்ணெய்க் கறை, பச்சையாகவோ சிவப்பாகவோ கூலன்ட் தேங்கியிருக்கிறதா? ஏசி ஓடிய பிறகு சொட்டும் தெளிந்த தண்ணீர் பிரச்சினை இல்லை. நம்பர் பிளேட், விளக்குக் கண்ணாடி, முன் கண்ணாடி மூன்றும் மண் இல்லாமல் இருக்க வேண்டும். இன்டிகேட்டரையும் பிரேக் விளக்கையும் யாரையாவது பின்னால் நிறுத்திப் பார்க்கலாம், ஆள் இல்லையென்றால் சுவருக்கு முன் நிறுத்தி வெளிச்சம் விழுகிறதா என்று பாருங்கள். காருக்கு அடியில் நாயோ குழந்தையோ இருக்கிறதா என்று பார்ப்பதும் இந்த நடையில்தான்.

பானெட்டுக்குள் முதலில் என்ஜின் ஆயில். வண்டி சமதரையில், என்ஜின் நின்ற நிலையில். குச்சியை உருவி, துடைத்து, மறுபடி முழுக்கச் செருகி, எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கோட்டுக்கும் நடுவே இருந்தால் சரி. துடைக்காமல் முதல் தடவையே பார்த்தால், ஓடும்போது தெறித்த ஆயில் தவறான கோட்டைக் காட்டும். சரிவில் நிற்கும் வண்டியில் பார்த்தால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும்.

கூலன்ட்டை வெள்ளை டப்பாவின் கோட்டில் வெளியிலிருந்தே பாருங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். பிரேக் ஆயில் கோட்டுக்குக் கீழே இருந்தால் ஊற்றிவிட்டு மறந்துவிடாதீர்கள், பிரேக் பேடு தேய்ந்திருக்கலாம் அல்லது எங்காவது கசியலாம்.

7. இருக்கையில் அமர்ந்த பின்

கதவு மூடியதா, ஹேண்ட் பிரேக் இழுத்திருக்கிறதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா. பிறகு இருக்கை, அதன் பிறகு கண்ணாடிகள், அடுத்து சீட் பெல்ட். இருக்கையை நகர்த்தினால் கண் இருக்கும் உயரமும் தூரமும் மாறும், எனவே கண்ணாடியை முதலில் சரிசெய்தவர் அதை மறுபடி செய்ய வேண்டிவரும். கிளட்சை முழுக்க மிதித்தபோதும் முழங்கால் சற்று மடங்கியிருந்தால் இருக்கை சரியான தூரத்தில் இருக்கிறது.

சாவியைத் திருப்பினால் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிய வேண்டும், என்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் அந்த விளக்கே பழுதாக இருக்கலாம், எனவே எரிகிறதா என்பதும் ஒரு சோதனைதான். சிவப்பு ஆயில் சின்னம் அணையாவிட்டால் என்ஜினை உடனே நிறுத்துங்கள். குதிரை லாடம்போல் வளைந்து நடுவே ஆச்சரியக்குறி இருக்கும் மஞ்சள் சின்னம் டயர் காற்றுக்கானது. அது எரியும்போது காற்று ஏற்கெனவே நன்றாகக் குறைந்திருக்கும், அதனால் அதை நம்பிக் கேஜைத் தூக்கிப் போட வேண்டாம்.

பிரேக்கை மிதித்துப் பிடியுங்கள். கால் மெத்தையில் இறங்குவதுபோல் போய்க்கொண்டே இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

8. முதல் ஐம்பது மீட்டர்

தெருவிலேயே, பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவான வேகத்தில் ஒரு தடவை பிரேக் போடுங்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் நிறுத்தி அந்த முன் அச்சின் இரண்டு டயர்களையும் முதலில் பாருங்கள். இரண்டிலும் ஒரே காற்று இருந்தும் இழுத்தால் பிரேக்கில் கோளாறு, மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். தருமபுரியிலிருந்து சேலம் போகிறவர்கள் தொப்பூர் கணவாயின் இறக்கத்தில் இறங்க வேண்டும். ஆளும் பெட்டியும் ஏற்றிக்கொண்டு அந்த வழியில் போவதாக இருந்தால், ஸ்டிக்கரில் முழுச் சுமைக்கு என்று இருக்கும் எண்ணை முந்தைய நாள் காலையிலேயே பிடித்து வைத்து, கிளம்பும் நாள் காலை கேஜில் ஒரு தடவை பாருங்கள். ஒரே இரவில் ஏதாவது ஒரு டயர் மட்டும் இறங்கியிருந்தால், தொப்பூருக்கு முன்னால் ஒரு பஞ்சர் கடையில் நிறுத்த வேண்டியிருக்கும்.